இரண்டாவது கண்ணிலிருந்து எண்ணுங்கள்

மழைக்காலம் தொடங்கினால் எங்கள் கண் கிளினிக்கில் காலை வேளைகளில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் அங்கே ஆப்டோமெட்ரிஸ்ட். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் பார்வையைச் சோதித்து, கண் எப்போது சிவந்தது, எந்தக் கண் முதலில், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்றெல்லாம் கேட்டு எழுதி வைப்பது என் வேலை. வரும் அம்மாக்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எப்போ ஸ்கூலுக்கு அனுப்பலாம்?" மருந்து பற்றிய கேள்விகூட இதற்கு அப்புறம்தான். பரீட்சை இருக்கும், அட்டெண்டன்ஸ் இருக்கும், அம்மாவுக்கு வேலைக்குப் போக வேண்டியிருக்கும், பாட்டி ஊரில் இருப்பார். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு வழக்கமாகக் கிடைக்கிற "ஒரு வாரம் லீவு போடுங்க" என்ற பதில் மெட்ராஸ் ஐ விஷயத்தில் பல நேரம் சரியாக வருவதில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்த நோயை எழும்பூர் கண் மருத்துவமனையில் பணியாற்றிய கிர்க்பாட்ரிக் என்ற மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்பே இங்கே பார்த்து எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டதும் 1918 வாக்கில் இங்கே பதிவானதால்தான் என்பார்கள். இதற்குப் பெரும்பாலும் காரணமான அடினோ வைரஸ் என்ற கிருமி 1953-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இதில் பல வகைகள் உண்டு. சில வகைகள் தொண்டை வலி, காய்ச்சலோடு சேர்ந்து வரும், கண் லேசாகச் சிவந்து சீக்கிரம் போய்விடும். வேறு சில வகைகள் கருவிழியையும் தொட்டுவிடும், அவைதான் வகுப்பு வகுப்பாகப் பரவுவதும் அதிக நாள் படுத்துவதும். எல்லாச் சிவந்த கண்ணும் அடினோ இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கண்ணும் அரித்துக்கொண்டே இருந்தால் அலர்ஜியாக இருக்கலாம், அது ஒட்டாது. நாள் முழுக்கத் துடைக்கத் துடைக்கக் கெட்டியாக மஞ்சள் பீளை வந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். இன்னொரு வைரஸ் கூட்டமும் உண்டு, ஒன்றிரண்டு நாளிலேயே பரவி, கண்ணில் ரத்தத் திட்டு விட்டு, சீக்கிரம் அடங்கிவிடும். அடினோவில் தண்ணீராகக் கொட்டும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும், காலையில் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். காதுக்குச் சற்று முன்னால் தொட்டுப் பார்த்தால் சின்னதாக நெறி கட்டியிருக்கும், அழுத்தினால் பிள்ளை தலையை இழுத்துக்கொள்ளும். நான் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்காமல் எந்தச் சிவந்த கண்ணையும் விடுவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வைரஸ் தொற்றிய உடனே கண் சிவக்காது. 5 முதல் 12 நாள் வரை உள்ளே சத்தமில்லாமல் இருக்கும். பிறகு ஒரு கண்ணில் ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து, பெரும்பாலானவர்களுக்கு, அடுத்த கண்ணுக்கும் வரும். இரண்டாவது கண்ணில் வேகம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், அதனாலேயே யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் அந்தக் கண்ணின் நீரிலும் வைரஸ் இருக்கிறது. அறிகுறி ஆரம்பித்ததிலிருந்து 10 முதல் 14 நாள் வரை கண்ணீரில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதுதான் கண் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டியது கடைசியாகச் சிவந்த கண்ணிலிருந்து.

ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையின் கதையை நாள் நாளாகச் சொல்கிறேன், அப்போது புரியும். வடசென்னையில் ஒரு பள்ளி. ஒரு பெஞ்சில் மூன்று பேர், நெருக்கமாக. திங்கட்கிழமை காலை அவளுக்கு வலது கண் சிவந்திருந்தது. வீட்டில் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தார்கள், அன்றைக்கு டெஸ்ட் வேறு. முகம் கழுவி அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் அவள் நாள் முழுக்கக் கண்ணைக் கசக்கினாள். பக்கத்துப் பிள்ளையின் ரப்பரை வாங்கினாள், பென்சில் சீவி இரவல் கொடுத்தாள், சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் ஒரே டப்பாவில் கை விட்டார்கள். செவ்வாயிலிருந்து வீட்டில் இருந்தாள். வியாழன் இடது கண்ணும் சிவந்தது. அடுத்த திங்கள், ஒரு வாரம் முடிந்துவிட்டது, வலது கண் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது, இடது கண்ணில் கொஞ்சம் தண்ணீர்தான் என்று பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். முதல் திங்களன்று பெஞ்சில் தொற்றிய பிள்ளைகளுக்கு 5 நாள் கழித்து, அதாவது அந்தச் சனிக்கிழமையிலிருந்து அடுத்த சனிக்கிழமை வரை எப்போது வேண்டுமானாலும் கண் சிவக்கலாம். அது முதல் அலை. அவள் திரும்பி வந்த திங்களன்று இடது கண்ணுக்கு நான்காவது நாள்தான் ஆகிறது, கண்ணீரில் வைரஸ் நன்றாகவே இருக்கும் நேரம். அன்று தொற்றியவர்களுக்கு, முதல் அலை முடிகிற அதே சனிக்கிழமையில் ஆரம்பித்து, அதற்கடுத்த வாரம் முழுக்கக் கண் சிவக்கும். அது இரண்டாவது அலை. வகுப்பு ஆசிரியை பார்வைக்கு இது "நிற்கவே மாட்டேங்குது" என்று தெரியும். யாரோ காற்றில் பரவுகிறது என்பார்கள், யாரோ பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். உண்மையில் ஒரே பிள்ளை ஒரே வகுப்புக்கு இரண்டு தடவை கொண்டு வந்திருக்கிறது, இரண்டாவது தடவை தவிர்த்திருக்கக்கூடியது. அந்த வியாழனிலிருந்து 10 நாள் எண்ணினால் இரண்டாவது ஞாயிறு வரும். அதற்கடுத்த திங்களில் வந்திருந்தால் இரண்டாவது அலை பெரும்பாலும் எழுந்தே இருக்காது.

பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமா என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கை பிள்ளைகளை ரொம்பக் காயப்படுத்துகிறது. கண் சிவந்த பிள்ளையைக் கடைசி பெஞ்சில் திருப்பி உட்கார வைக்கிறார்கள், கறுப்புக் கண்ணாடி போடச் சொல்கிறார்கள். ஒட்டாது. கறுப்புக் கண்ணாடி வெளிச்சம் கூசுகிறவர்களுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். அதைக் கழற்றி மாட்டும் விரல்கள்தான் கண்ணையும் தொடுகின்றன, பிறகு பெஞ்சையும் தொடுகின்றன. இந்த நோயின் வழி கண்ணிலிருந்து கைக்கு, கையிலிருந்து பொருளுக்கு, பொருளிலிருந்து இன்னொரு கைக்கு, அங்கிருந்து இன்னொரு கண்ணுக்கு.

பொருள் என்று சொல்வது சும்மா இல்லை. அடினோ வைரஸுக்கு வெளியே கொழுப்பு உறை கிடையாது. கொரோனா வைரஸுக்கு அது உண்டு, சோப்பும் ஆல்கஹாலும் அந்த உறையைக் கரைத்தால் வைரஸ் செத்துவிடும். அடினோவுக்குக் கரைக்க உறையே இல்லை, புரத ஓடு மட்டும்தான், அது கெட்டி. காய்ந்த பிளாஸ்டிக்கின் மேல் வாரக்கணக்கில் உயிரோடு இருக்க முடியும். அதனால்தான் கண் கிளினிக்குகளே சில நேரம் பரப்பும் இடமாகிவிடுகின்றன. கண் அழுத்தம் பார்க்கும் கருவியின் முனை, எல்லோருக்கும் போடும் சொட்டு மருந்து பாட்டில், தாடையை வைக்கும் தட்டு எல்லாமே வழி. எங்கள் இடத்தில் சிவந்த கண்ணோடு வருகிறவர்களுக்குத் தனி நாற்காலி. அவர்களுக்குக் கண் அழுத்தம் பார்ப்பதை, அவசியம் இல்லையென்றால், தள்ளி வைத்துவிடுவோம். சில பள்ளிகள் திரும்பி வரும் பிள்ளையிடம் டாக்டர் சர்டிபிகேட் கேட்கின்றன. குணமாகிவரும் பிள்ளை அந்தச் சீட்டுக்காக மட்டும் நெரிசலான ஓபி வரிசையில் நின்று, கண் ஆபரேஷனுக்கு வந்த வயதானவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பெற்றோர் தேதி போட்டு எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதம் போதும்.

சானிடைசர் விஷயம் இதோடு சேர்ந்தது. கொரோனா காலத்துப் பழக்கத்தில் பிள்ளைகளின் பையில் ஒரு சின்ன பாட்டில் தொங்குகிறது, இரண்டு சொட்டு தேய்த்துவிட்டால் போதும் என்று நம்புகிறார்கள். உறையில்லாத வைரஸிடம் அது அரைகுறையாகத்தான் வேலை செய்யும். கையில் பீளையோ சாப்பாட்டுப் பிசுக்கோ இருந்தால் இன்னும் மோசம். சோப்பும் இந்த வைரஸைக் கொல்லாது, ஆனால் தோலிலிருந்து கழற்றிவிடும், ஓடும் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் இங்கே தேய்ப்பதும் அலசுவதும்தான் மருந்து. 20 வினாடியாவது நுரை வரத் தேய்க்க வேண்டும். விரல் நுனி, நகக்கண், கட்டை விரல், புறங்கை. பெரியவர்கள் உள்ளங்கையை மட்டும் காட்டிக் கொடுப்பார்கள், பிள்ளைகளோ கண்ணைப் பெரும்பாலும் புறங்கையாலும் ஆள்காட்டி விரலின் மடிப்பாலும்தான் கசக்குகிறார்கள். ஒரு நாள் உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். அந்த இடங்களுக்குத்தான் சோப்பு போக வேண்டும்.

பள்ளியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் குழாய் இருக்கும், சோப்பு இருக்காது. வைத்தால் காணாமல் போய்விடுகிறது என்று சொல்வார்கள். ஒரு பள்ளியில் பழைய வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், ஈரம் வடிந்துவிடும், யாரும் எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. ஆயம்மா காலையில் ஒரு முறை பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவார். அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. பிறகு கை துடைக்கும் துண்டு. எல்லோருக்கும் பொதுவாக ஆணியில் ஒரு துண்டு மாட்டியிருந்தால், கழுவிய கையை மறுபடியும் வைரஸில் துடைத்த மாதிரிதான். காற்றில் உதறிக் காய வைக்கட்டும், இல்லை ஆளுக்கொரு கர்சீப் கொண்டு வரட்டும், கண்ணுக்கு அதே கர்சீப் கூடாது. எப்போதெல்லாம் கழுவுவது என்று கேட்டால், வேனிலிருந்தோ ஷேர் ஆட்டோவிலிருந்தோ இறங்கி வகுப்புக்குள் போவதற்கு முன், சாப்பாட்டுக்கு முன், பிறகு வீட்டுக்குள் நுழைந்த உடனே. கண்ணைத் தொட்டால் அப்போதே. வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் யாரும் 20 வினாடி தேய்க்க மாட்டார்கள். வரிசை வரிசையாக அனுப்பினால்தான் நடக்கும்.

வகுப்பறையைச் சுத்தம் செய்வதைப் பொறுத்தவரை, பினாயில் மணம் வந்தாலே போதும் என்று இருந்துவிடக் கூடாது, இந்த வைரஸிடம் அதை நம்ப முடியாது. நம்பத்தக்கது குளோரின். ஒரு பங்கு சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பெஞ்சின் மேல்பலகை, கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு இவற்றை நனையத் துடைத்து, 10 நிமிடம் ஈரமாகவே விட்டுவிட்டு, அப்புறம் வெறும் தண்ணீரால் துடைக்கலாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடக் கூடாது, விஷ வாயு வரும். ஒரே பக்கெட்டில் இரண்டையும் ஊற்றுகிற வழக்கம் இருக்கிற இடங்களில் இதை ஆளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் பரவுவது வேறு மாதிரி. நான் எழுதி வைக்கும் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது மூன்று: ஒரே தலையணை, ஒரே சொட்டு மருந்து, ஒரே போன். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நடக்கிறது. அண்ணனுக்கு எழுதிய மருந்தைத் தங்கைக்கும் அம்மா ஊற்றுவார், பாட்டிலின் முனை இமையில் பட்டுவிடும். போன்தான் யாரும் யோசிக்காதது. லீவில் இருக்கும் பிள்ளை நாள் முழுக்க அம்மாவின் போனை வைத்திருக்கிறது, கண்ணைக் கசக்கிய விரலாலேயே திரையைத் தேய்க்கிறது, சாயங்காலம் அதே போனைத் தம்பி கன்னத்துக்கு அருகில் வைத்து விளையாடுகிறான், இரவில் அம்மா அதில் பேசுகிறார். அந்த 10 நாளும் போன் கைமாறக் கூடாது. ஒரு பழைய போனை அந்தப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் தரவே வேண்டாம்.

இன்னொன்று புடவை முந்தானை. குழந்தையின் கண்ணில் தண்ணீர் வழிந்தால் அம்மாவின் கை தன்னால் முந்தானையைத்தான் தேடும், துப்பட்டாவாக இருந்தாலும் அதே கதைதான். அன்று முழுக்க அந்தத் துணி அம்மாவின் முகத்தையும், அடுத்த பிள்ளையின் வாயையும் துடைக்கும். பஞ்சை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு, பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. இரண்டு கண்ணுக்கும் ஒரே பஞ்சு கூடாது. துடைத்த கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. தலையணை உறையைத் தினமும் மாற்றி, துவைத்து, நல்ல வெயிலில் போடுங்கள். மழை நாளில் வெயிலுக்கு எங்கே போவது என்றால், சுடுதண்ணீரில் அலசி இஸ்திரி போட்டுவிடலாம்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. இந்த வைரஸைக் கொல்லும் சொட்டு மருந்து மெடிக்கல் ஷாப்பில் இல்லை. ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது, மூன்று நாளில் தேறினால் அது தானாகவே தேறியது. குளிர்ந்த ஒத்தடம், கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு, போதும். ஸ்டீராய்டு கலந்த சொட்டைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது சிவப்பை ஒரே நாளில் குறைத்துக் காட்டும், கண் சரியாகிவிட்டது என்று பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள், ஆனால் வைரஸ் வெளியேறும் நாட்களை அது நீட்டித்துவிடும். வந்திருப்பது அடினோ இல்லாமல் ஹெர்பீஸ் என்ற வேறு வைரஸாக இருந்தால் கருவிழியே புண்ணாகிவிடும். தாய்ப்பால், பன்னீர், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் வேண்டாம். வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத அளவுக்குக் கூச்சம், சொல்லும்படியான வலி, துடைத்த பிறகும் மங்கல், இமைக்கு மேல் கொப்புளம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். கைக்குழந்தை என்றால் கேள்வியே இல்லை, உடனே.

சரி, எப்போது அனுப்புவது. பிரிட்டனில் பள்ளிகளுக்கான பொதுச் சுகாதார வழிகாட்டுதல், கண் சிவந்ததற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை என்றே சொல்கிறது, சிலர் அதை எடுத்துக் காட்டுவதும் உண்டு. அது எல்லா வகைச் சிவந்த கண்ணுக்கும் சேர்த்து, தனித்தனியாக வரும் லேசான கேஸ்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. வகுப்பில் இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கும் தண்ணீர் கொட்டுகிறது, ஒரு பெஞ்சில் மூன்று பேர், குழாயில் சோப்பு இல்லை என்ற நிலையில் அதை அப்படியே இங்கே எடுத்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே நேரம் எல்லோரும் 14 நாள் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொன்னாலும் யாரும் செய்ய மாட்டார்கள், மறைத்து அனுப்புவார்கள், அது இன்னும் மோசம்.

நான் பெற்றோரிடம் சொல்வது இப்படி. சிவப்பைப் பார்க்காதீர்கள், நீரைப் பாருங்கள். சிவப்பு தங்கியிருக்கலாம், பாதகமில்லை. காலையில் எழுந்தபோது இரண்டு இமையும் ஒட்டாமல் திறக்கிறதா, பகலில் துடைக்க வேண்டிய அளவுக்குத் தண்ணீர் வரவில்லையா, பிள்ளை கையைக் கண்ணுக்குக் கொண்டு போவது நின்றுவிட்டதா. மூன்றும் ஆமென்றால், அப்போதும் கடைசியாகச் சிவந்த கண்ணிலிருந்து 10 நாள் முடிந்திருந்தால் நல்லது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு 7-வது நாளிலேயே எல்லாம் நின்று, பரீட்சையும் இருக்கிறது, கையைக் கட்டுப்படுத்தத் தெரியும் என்றால், தனி மேஜையில் உட்கார வைக்கப் பள்ளி ஒத்துக்கொண்டால், அனுப்பலாம். எல்கேஜி குழந்தைக்கு அந்தச் சலுகை வேண்டாம், அது கண்ணைத் தொட்ட கையால் பத்துப் பேரைத் தொடும், 10 நாளும் முழுசாக இருக்கட்டும். ஒரு கண்ணில் மட்டுமே வந்திருந்தால், அடுத்த கண்ணுக்கு வருகிறதா என்று நான்கைந்து நாளாவது பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கையை நம்ப வேண்டும். நீச்சல் வகுப்பு மட்டும் 14 நாள் முடியும் வரை யாருக்கும் வேண்டாம்.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. யாருக்கு எந்தத் தேதியில், எந்தக் கண்ணில் ஆரம்பித்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கடைசியாக ஒரு பிள்ளை வகுப்பில் கண்ணீரோடு உட்கார்ந்த நாளிலிருந்து 12 நாள் புதுக் கேஸ் வரவில்லையென்றால் அந்தச் சங்கிலி அறுந்தது. அதுவரை குழாயில் சோப்பு இருக்க வேண்டும், ரப்பர் இரவல் கூடாது. லீவில் தவறிய டெஸ்டுகளைப் பிறகு எழுத வைப்பதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டால், திங்கட்கிழமை காலை சிவந்த கண்ணைத் தூசி என்று நினைத்து யாரும் அனுப்ப மாட்டார்கள்.

பள்ளிக்குத் திரும்பிய பிறகு வருகிற ஒரு தொந்தரவு இருக்கிறது. கண் வெளுத்துவிடும், நீர் நின்றுவிடும், அப்புறம் பிள்ளை "போர்டு மங்கலாத் தெரியுது, வெயில்ல கூசுது" என்று சொல்லும். படிக்கப் பிடிக்காமல் சொல்கிறது என்று திட்டிவிடாதீர்கள். சில பேருக்கு இரண்டாவது வாரத்துக்கு மேல் கருவிழியில் புள்ளி புள்ளியாக வெள்ளைத் தடங்கள் விழும். அது வைரஸ் விட்டுப்போன புரதத்துக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்ப்பு, வைரஸ் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. டார்ச் அடித்தால் தெரியாது, ஸ்லிட் லேம்ப் என்ற கண் பார்க்கும் கருவியில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தானாக மறையும். பார்வை ரொம்பக் குறைந்தால் மட்டும் டாக்டர் கண்காணிப்போடு மருந்து தருவார். இந்த நேரத்தில் பிள்ளைக்குக் கண்ணாடி டெஸ்ட் எடுத்துவிடாதீர்கள், புள்ளிகள் இருக்கும்போது பவர் நிலையாக வராது, புள்ளி தெளிந்த பிறகு எடுத்தால்தான் அந்த எண் நிற்கும். அதுவரை முன் பெஞ்சில் உட்கார வைக்கும்படி ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.